மழை ராத்திரியில் நெஞ்சு படபடக்கும்போது: இடுக்கி தோட்டத்து லயங்களில் கேட்கும் கேள்விகள்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தோட்டங்களில் மழைக்காலம் தொடங்கினாலே ஒரு பயமும் கூடவே வந்துவிடும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் உருள்பொட்டி, அதாவது மலை சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதில் 70 பேரை இழந்தோம். கரண்டும் போனும் இல்லாமல், தகவல் வெளியே எட்டவே மறுநாள் காலை ஆனது. அதற்குப் பிறகு ராத்திரி மழை வலுத்தால் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற வீடுகள் நிறைய. தோட்ட டிஸ்பென்சரியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது லயத்துப் பெண்களுக்கும் இளவட்டங்களுக்கும் முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மேலே சத்தம் கேக்குது, கை காலெல்லாம் வெடவெடங்குது. மூச்சுப் பயிற்சி பண்ணணுமா, ஓடணுமா?

ஓடணும். மூச்சு அப்புறம்.

ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகக் கலங்கினால், அல்லது மழை கொட்டும்போதே ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தால், மேலே எங்கேயோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சுவரிலோ தரையிலோ புது விரிசல், சாய்கிற மரம், இடி போல நிற்காமல் வரும் உறுமல் எல்லாமே கிளம்பச் சொல்லும் அடையாளங்கள்தான். உருள் ஓடை வழியாகவே இறங்கும். அதனால் ஓடையை ஒட்டிக் கீழே ஓடக்கூடாது. ஓடையை விட்டு விலகி, பக்கவாட்டில் மேட்டுக்குப் போகணும். அந்த நேரத்துப் படபடப்பு உங்களை ஓட வைக்கத்தான் வருகிறது, அதை அடக்க வேண்டாம்.

ஓடும்போது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: மூச்சை வெளியே விடும்போது சத்தமாக விடுங்கள். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறவர்கள் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுவார்கள். மீதியெல்லாம் பள்ளிக்கூடமோ கேம்ப்போ, பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். அல்லது "இப்போதைக்கு இங்கேயே இருங்க, தகவல் சொல்றோம்" என்று சொல்லிக் காத்திருக்க வைக்கிற நேரத்துக்கு. நிஜத்தில் ஆட்கள் நிலைகுலைவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான்.

சரி, வந்து சேந்தாச்சு. எப்படி மூச்சு விடணும், எத்தனை எண்ணணும்?

உட்காருங்கள், முதுகைச் சுவரில் சாயுங்கள். கால் பாதம் தரையில் படட்டும். நெஞ்சில் இறுக்கிக் கட்டிய துண்டு, கூடைக் கயிறு, கம்பளி இருந்தால் தளர்த்துங்கள்.

முதலில் உள்ளே இழுக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கிற மூச்சை, கொதிக்கிற கட்டஞ்சாயாவை ஊதுவது போல, உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு மூக்கு வழியாக 4 எண்ணும் வரை உள்ளே. உதடு வழியாக 6 எண்ணும் வரை வெளியே. நடுவில் பிடித்து வைக்க வேண்டாம். இப்படி ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிஷத்துக்கு 6 மூச்சு ஆகும். சாதாரணமாக ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். பயத்தில் அது 30 வரைக்கும் ஏறலாம்.

பயந்த மனுஷன் எண்ணும்போது ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று கடகடவென்று ஓட்டிவிடுவான், இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் "ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு" என்று எண்ணச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால் ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும்.

எத்தனை மூச்சு என்பதற்கு நம் பாட்டிகள் கூலிக்கணக்குப் பார்த்த முறையே போதும். கட்டைவிரலை மற்ற நாலு விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக வைத்து நகர்த்துங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு கணு. விரலுக்கு மூன்று, மொத்தம் 12. ஒரு கை முடிந்தால் 2 நிமிஷம் ஆகிவிட்டது. இரண்டு கையும் முடித்துப் பாருங்கள். இருட்டிலும் செய்யலாம், கடிகாரமோ போனோ வேண்டாம், விரலுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது.

4-ம் 6-ம் முதலிலேயே வராது. வராவிட்டால் 2 உள்ளே, 3 வெளியே. அது அடங்கியதும் 3-க்கு 4. அப்புறம் 4-க்கு 6. எண்ணிக்கையைப் பிடிக்க முடியவில்லை என்பதே புதுப் பயமாகிவிடக்கூடாது. உள்ளே போவதைவிட வெளியே வருவது கொஞ்சம் நீளமாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

எல்லாரும் "நல்லா ஆழமா மூச்சு இழு"ன்னுதானே சொல்றாங்க?

நல்ல மனசோடு சொல்கிறார்கள். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது எதிராகத்தான் வேலை செய்யும்.

பயத்தில் வேகமாகவும் பெரிதாகவும் மூச்சு விடும்போது உடம்பில் ஆக்சிஜன் குறைவதில்லை. கரியமில வாயுதான் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது ரொம்பக் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கொஞ்சம் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் அமிலக் காரச் சமநிலை மாறி விரல் நுனியும் வாய் ஓரமும் மரத்துப்போகும், ஊசி குத்துவது போல் இருக்கும். நெஞ்சு இறுகும். அந்த ஆளுக்கு "காத்து பத்தல" என்று தோன்றும், இன்னும் வேகமாக இழுப்பார். இழுக்க இழுக்க எல்லாம் கூடும். அந்த நேரத்தில் போய் "ஆழமா இழு" என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

சின்னதாக, மெதுவாக, வெளிமூச்சு நீளமாக விட்டால் கரியமில வாயு தானாகச் சேர்ந்து சமநிலைக்கு வரும். இன்னொரு லாபமும் உண்டு. நாம் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் இதயத்துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஊதிப் பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்குக்கூட வித்தியாசம் கைக்குத் தெரியும்.

விரலெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு, வலிப்பா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன மூச்சு விவகாரம் முற்றினால் கை விரல்கள் விறைத்து உள்ளே மடங்கும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போகும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மூச்சு நிதானித்ததும் தானாக விடும். வலிப்பு என்றால் ஆள் நினைவு தப்புவார், கூப்பிட்டால் பதில் இருக்காது. இங்கே ஆள் பேசுவார், அழுவார், உங்கள் கண்ணைப் பார்ப்பார்.

எதுவானாலும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், விரலை இழுத்து நிமிர்த்துவதும் வேண்டாம். மூச்சு வாங்குகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், புரையேறும். கொஞ்சம் நிதானித்த பிறகு அவரே பிடித்துக் குடிக்கட்டும்.

பக்கத்துல ஒருத்தர் அலறிக்கிட்டு இருந்தா என்ன சொல்லணும், என்ன செய்யணும்?

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் இருக்கிறது.

ஆகஸ்ட் மாசம். லயத்துக்குப் பின்னால் ஓடை கலங்கி வந்ததால் வரிசை வீட்டு ஆட்களையெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கரண்ட் இல்லை. ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் பேக்டரியில் நைட் வேலையில் இருந்தார், போன் போகவில்லை. பதினொரு மணி வாக்கில் மேலே எங்கேயோ மரம் முறிகிற சத்தம். அந்தப் பெண் எழுந்து வாசலுக்கு ஓடினாள், இரண்டு பேர் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான், மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சு, விரல் மடங்கிவிட்டது, "நான் சாகப் போறேன்" என்று ஒரே கத்தல். சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் விசிறுகிறார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார், ஒருவர் "ஒண்ணுமில்ல, அழாத, சும்மா இரு" என்று அதட்டுகிறார். மூலையில் இருந்த பிள்ளைகளும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வீட்டுப் பெரியம்மா ஒருத்தர் வந்தார். ரொம்பக் காலம் கொழுந்து எடுத்தவர், அதிர்ந்து பேசமாட்டார். முதலில் கூட்டத்தைக் கலைத்தார், அதையும் விரட்டாமல் வேலை சொல்லியே கலைத்தார். "ஏ தம்பி, அந்த ஜன்னலச் சாத்து. மைனி, நீங்க பிள்ளைகள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயி கம்பளியப் போத்தி விடுங்க. நீ டார்ச்ச மூஞ்சில அடிக்காத, தரையில அடி." அரை நிமிஷத்தில் அந்தப் பெண்ணைச் சுற்றி இடம் உண்டானது.

பிறகு நேர் எதிரே நிற்காமல் பக்கத்தில், அவள் உயரத்துக்கே உட்கார்ந்தார். "தாயி, நான் இங்கனதான் இருக்கேன். தொடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் தோளில் கை வைத்தார். அடுத்த கேள்வி: "நெஞ்சு வலிக்கா? வலி கைக்கோ தாடைக்கோ ஓடுதா?" அவள் இல்லை என்று தலையாட்டி, "மூச்சு முட்டுது" என்றாள். "சரி. இழுக்க வேண்டாம். வெளிய மட்டும் ஊது. என்கூட ஊது." சொல்லிவிட்டு அவரே சத்தம் கேட்கும்படி ஊத ஆரம்பித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எடுத்த எடுப்பில் பெரியம்மா நிமிஷத்துக்கு ஆறு என்று ஊதவில்லை. அந்தப் பெண்ணின் வேகத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார், பிறகு ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீளமாக்கினார். அவளும் கூடவே வந்தாள். நாம் தூரத்தில் நின்றுகொண்டு "மெதுவா, மெதுவா" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பேச்சும் அப்படித்தான், குரல் தாழ்ந்து, ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். காரணம் விளக்கும் நேரம் அதுவல்ல.

ஒரு கை கணு முடிவதற்குள் கத்தல் நின்றது. இன்னும் இரண்டு மூன்று சுற்று போனது, விரல் இளகியது. அவள் கேட்டாள்: "அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" பெரியம்மா "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லவில்லை. "பேக்டரிக்குத் தகவல் கேக்கச் சொல்லி சூப்பர்வைசர்ட்ட சொல்லியாச்சு. வந்ததும் மொதல்ல உங்கிட்டதான் சொல்லுவேன்" என்றார். தெரியாததைச் சத்தியம் செய்து, அது பொய்த்தால் அப்புறம் நம் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. உண்மையாகவே செய்யப் போவதை மட்டும் சொல்வதுதான் நிற்கும்.

அத்தோடு விடவில்லை. பிள்ளைகளின் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் வாங்கி அவள் கையில் கொடுத்தார். "ஒவ்வொரு வீட்டுக்காரங்ககிட்டயும் போயி, எத்தன பேரு வந்திருக்காங்க, தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க யாரு, மாத்திரை கையில இருக்கா, எழுதிட்டு வா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அரை மணி நேரம் அந்த வேலையில் போனது. சர்க்கரை ஊசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர் யார் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

வேலை குடுத்தா பயம் போயிருமா? கவனத்தைத் திருப்புறதுதானே?

திருப்புவதும் உண்டு, ஆனால் அது மட்டுமில்லை. "என்னால எதுவும் செய்ய முடியல" என்ற நினைப்புதான் பயத்தைப் பெருக்குகிறது. கையில் எடுத்த ஒரு சின்ன வேலை முடிந்தால் அந்த நினைப்பில் ஓட்டை விழும். இன்னொன்று, பயத்தில் ஊறிய அட்ரினலின் சுரப்பு உடம்பில் இருக்கும், அதற்கு அசைவு வேண்டும். கை நடுங்கிக்கொண்டே நடந்தாலும் பரவாயில்லை, சும்மா உட்கார்ந்து நடுங்குவதைவிட மேல்.

ஆனால் எந்த வேலை என்பதில் விஷயம் இருக்கிறது. இரண்டு மூன்று நிமிஷத்தில், அதிகம் போனால் அரை மணி நேரத்தில் முடிவது தெரிய வேண்டும். கண்ணுக்கு முன்னால் பொருள் இருக்க வேண்டும். தப்பினாலும் யாருக்கும் ஆபத்து இருக்கக் கூடாது. மெழுகுவத்தி எத்தனை என்று எண்ணுவது, ஈரத் துணியையும் காய்ந்த துணியையும் பிரிப்பது, ரேஷன் கார்டும் ஆதாரும் மாத்திரையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, எந்தப் போனில் எவ்வளவு சார்ஜ் என்று பார்த்து இரண்டைத் தவிர மற்றதை அணைத்து வைப்பது எல்லாம் நல்ல வேலைகள்.

ஆளைப் பார்த்து, பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "யாராவது தண்ணி கொண்டு வாங்க" என்றால் யாரும் எழமாட்டார்கள், அல்லது ஐந்து பேர் எழுவார்கள். முடித்ததும் உங்களிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆள் எப்படி இருக்கிறார் என்று மறுபடி பார்க்க முடியும்.

கொடுக்கக் கூடாத வேலையும் உண்டு. படபடப்பில் இருப்பவரை அடுப்பு, வெந்நீர், வெட்டுக்கத்தி, ஜீப் பக்கம் விடாதீர்கள். காணாமல் போன ஆளைத் தேட அவர் சொந்தக்காரரைத் தனியாக அனுப்பாதீர்கள். காயம்பட்டவரைப் பார்த்து மயங்கி விழுகிறவரைக் கட்டுப்போடும் இடத்தில் நிறுத்தாதீர்கள். ரத்தம் பார்த்து வரும் மயக்கத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், அதற்கு மூச்சுக் கணக்கு உதவாது. படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், தெளிந்துவிடுவார்.

ஒருத்தர் கத்தவும் இல்ல, அழவும் இல்ல. அப்படியே சிலையா உக்காந்திருக்கார். விட்டுரலாமா?

விடாதீர்கள். கத்துகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள், இவரை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆபத்தில் அலறி ஓடுவோரைவிட உறைந்து போகிறவர்கள் நிறைய. கிளம்பச் சொன்ன பிறகும் வீட்டில் பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இவருக்கு மூச்சைவிட அசைவுதான் முதலில். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு சின்ன வேலை: "அண்ணாச்சி, இந்தப் பையப் பிடிங்க." கை நீண்டால் அடுத்தது: "எழுந்திருங்க. என் பின்னால வாங்க." "என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் யோசிக்கத்தான் அவரால் முடியவில்லை.

இங்கே இன்னொன்றையும் பாருங்கள். மலையில் நனைந்து வந்த ஆள் நடுங்கினால் அது பயமாக மட்டும் இருக்காது, குளிராகவும் இருக்கலாம். ஈரத்தைக் கழற்றி, காய்ந்த கம்பளி போர்த்தி, தலையை மூடுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் சர்க்கரை போட்ட சூடான சாயா கொடுங்கள். நடுக்கம் தானாக நின்று, பேச்சு குழறி, தூக்கம் சொக்கினால் அது அமைதி அல்ல, உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரி.

குழந்தைங்களுக்கு எப்படிச் சொல்றது?

எண்ணச் சொல்லாதீர்கள், ஊதச் சொல்லுங்கள். ஜன்னல் கண்ணாடியில் ஊதி ஆவி படியவிட்டு, அதில் விரலால் படம் வரையச் சொன்னால் நீளமான வெளிமூச்சு தானாக வந்துவிடும். உள்ளங்கையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து விழாமல் மெதுவாக ஊதுவதும் நல்லது. அதைவிட முக்கியம், பிள்ளை உங்கள் மடியில் இருந்தால் முதலில் உங்கள் மூச்சு அடங்க வேண்டும். அம்மா நெஞ்சு ஏறி இறங்குவது முதுகில் தெரியும்போது வாய் என்ன சொல்லி என்ன?

பெரிய பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். தம்பியின் செருப்புக்கு ஜோடி தேடுவதுகூட வேலைதான்.

நாப்பது அம்பது பேர் ஒரே ரூம்ல. "அணை உடைஞ்சிருச்சு"ன்னு ஒருத்தர் சொன்னாரு, எல்லாரும் வாசலுக்குப் பாய்ஞ்சிட்டாங்க. அப்ப மூச்செல்லாம் நடக்குமா?

அந்த நொடியில் நடக்காது. அதற்கு முன்னாலேயே செய்து வைக்க வேண்டிய விஷயம் இது.

கூட்டம் சேர்ந்ததும் தகவல் சொல்ல ஒரே ஆளை நியமியுங்கள். வார்டு மெம்பரோ சூப்பர்வைசரோ டீச்சரோ, குரல் எடுபடும் யாரோ ஒருவர். அவர் வில்லேஜ் ஆபீஸிலோ போலீஸிலோ கேட்டுவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று சொல்ல வேண்டும். புதுசாக எதுவும் இல்லையென்றாலும் "பத்தரைக்குக் கேட்டேன், புது தகவல் இல்ல, அடுத்து பதினொண்ணுக்குச் சொல்றேன்" என்று சொல்ல வேண்டும். யாரும் எதுவும் சொல்லாத இடத்தில்தான் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் உள்ளே நுழைகிறது. மெசேஜ் வந்தால் சத்தமாகப் போட்டுக் காட்டாமல் அவரிடம் கொண்டு போகட்டும்.

வாசல் பக்கம் இரண்டு பேரை உட்கார வையுங்கள், பெஞ்சும் பையும் வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. அப்புறம் அறை மொத்தத்தையும் ஒரே கூட்டமாக விடாமல், பக்கத்துப் பக்கத்து வீடாக ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் தலையை எண்ணட்டும். எண்ணிக்கை தெரிந்த கூட்டத்தில் "எம்பிள்ளை எங்க" என்ற கூச்சல் பாதி குறையும்.

மூச்சை எல்லாருக்கும் பயிற்சியாக நடத்தப் பார்க்காதீர்கள், சிலர் கேலி செய்வார்கள், அத்தோடு போச்சு. பாட்டோ ஜெபமோ பஜனையோ யாராவது தொடங்கினால் தடுக்காதீர்கள். நீளமாக இழுத்துப் பாடுவதே நீளமான வெளிமூச்சுதான்.

பயம்னு நெனச்சு மாரடைப்ப விட்டுட்டா?

இது எனக்கு எப்போதும் உள்ள பயம். அதனால்தான் பெரியம்மா முதலில் வலியைக் கேட்டார்.

நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடினால், சில்லென்று வியர்த்தால், வாந்தி வந்தால் பயம் என்று முடிவு கட்டாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலும் அசதியுமாகக்கூட வரும். உதடு நீலம் பூத்தால், ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்ல முடியாவிட்டால், மூச்சில் விசில் சத்தம் வந்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால் அதுவும் அப்படியே. மண்ணுக்கடியிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ எடுத்தவருக்கு மூச்சு வாங்கினால் அது நெஞ்சுக்குள் பட்ட அடியாகவோ உள்ளே போன சேறாகவோ இருக்கலாம். இவர்களுக்கெல்லாம் 108. ஆஸ்துமாக்காரருக்கு முதலில் அவருடைய இன்ஹேலர், மூச்சுக் கணக்கு அப்புறம்.

பயத்தால் வரும் படபடப்பு பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். வடியாமல் கூடிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். நாற்பது வயது தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இப்படி வந்தாலும், அடங்கிய பிறகு ஒரு இசிஜி எடுத்துவிடுவது நல்லது.

பேப்பர் கவருக்குள்ள மூச்சு விடச் சொல்றாங்களே?

வேண்டாம். நிஜமான காரணம் இதயமோ நுரையீரலோ ஆக இருந்தால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டிக் கவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

108-க்குப் போன் போட்டேன், பேச்சே வரல. என்ன சொல்றதுன்னு தெரியல.

டயல் பண்ணுவதற்கு முன்னால் இரண்டு தடவை நீளமாக ஊதுங்கள். 20 நொடி தாமதம் ஆகும். ஆனால் விலாசத்தைத் தெளிவாகச் சொன்னால் அதைவிட நேரம் மிச்சமாகும்.

எல்லையில் இருக்கிற நமக்கு விலாசம்தான் சிக்கல். குமுளிப் பக்கமோ போடிமெட்டுப் பக்கமோ நின்று பேசினால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருக்கலாம், 108 இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. அதனால் முதல் வார்த்தையே "கேரளா, இடுக்கி மாவட்டம்" என்று இருக்கட்டும். அப்புறம் தாலுகா, எஸ்டேட் பேர், டிவிஷன் பேர், பக்கத்தில் அடையாளமாக இருக்கிற கோவிலோ சர்ச்சோ பேக்டரியோ. அதற்கப்புறம் என்ன நடந்தது, எத்தனை பேர், வண்டி எதுவரை வரும். இதை மலையாளத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் எழுதி, லயத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வையுங்கள். பயந்த கண்ணுக்கு யோசிப்பதைவிட வாசிப்பது சுலபம். 112 போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் பொது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அவர்கள் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

இதையெல்லாம் முன்னாலேயே பழகணுமா?

ஆமாம். நெஞ்சு பதறும்போது புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியாது. ராத்திரி படுத்ததும் ஒரு கை கணு, அதாவது 2 நிமிஷம், அவ்வளவு போதும். தலை சுற்றினால் நீங்கள் பெரிதாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், சின்னதாக்குங்கள்.

மழை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இப்பவும் தகரத்துல மழை விழுந்தா நெஞ்சு படபடக்குது, தூக்கம் இல்ல.

முதல் சில வாரங்களுக்கு இது பலருக்கும் வரும், மெல்லக் குறையும். ஒரு மாசம் தாண்டியும் கனவாகவும் திடுக்கிடலாகவும் தொடர்ந்தால், வேலைக்குப் போக முடியாமல் போனால், குடி கூடினால், வாழ வேண்டாம் என்று தோன்றினால், மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பி உட்காராதீர்கள். மூச்சு அந்த நிமிஷத்தைக் கடத்தும், இதைத் தீர்க்காது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் ஆள் உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஆஷா அக்காவிடம் சொன்னால் மாவட்ட மனநலக் குழுவின் கிளினிக் எந்த நாள் எங்கே நடக்கிறது என்று கேட்டுச் சொல்வார். லயத்தில் சிக்னல் கிடைக்காதவர்கள் டவுனுக்குப் போகிற நாளில் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பேசிவிடலாம்.